பெரிய எண் வந்தா கழிக்காதீங்க, விட்டுடுங்க!

மெஸ் சாப்பாடு பற்றிக் கருத்துக் கேட்க, வகுப்பில் 60 பேரில் 5 பேர் வேணும். ரேண்டம் எண் அட்டவணையில் கண்ணை மூடி விரல் வைத்த இடத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் படிக்கிறீங்க: 27, 84, 09, 27, 61, 53, 00, 18, 46.

60க்கு மேல் போன 84-ஐ என்ன செய்வீங்க? 60-ஐக் கழித்து 24 என்று எழுதிக்குவோம், இல்லையா? அங்கேதான் தப்பு. 61 முதல் 99 வரை கழித்தால் 1 முதல் 39 வரைதான் வரும். அவங்களுக்கு இரண்டு வாய்ப்பு, 40 முதல் 60 வரை இருப்பவங்களுக்கு ஒன்றுதான். ரோல் நம்பரில் கடைசியில் நிற்கும் லேட்டரல் என்ட்ரி நண்பர்களின் குரல் பாதியாகிடும்.

அதனால் 84, 61, 00 மூன்றையும் விட்டுடுங்க. திரும்ப வந்த 27-ம் வேண்டாம். மிச்சம் 27, 09, 53, 18, 46. அஞ்சு பேர் கிடைச்சாச்சு. வீணானது நாலு எண்தான், நியாயம் இல்லை.