பத்து வருஷ அழுகையும் ஏழு வருஷக் கோபமும்

ஜாதக நோட்டைக் கையில் எடுத்ததும் சொல்லப்படுகிற இரண்டு வாக்கியங்கள் உண்டு. சந்திர தசை என்றால், "பத்து வருஷம் மனசு அலைபாயும், காரணமில்லாம கண்ணு கலங்கும்." செவ்வாய் தசை என்றால், "ஏழு வருஷம் வேகம், கோபம், சண்டை. வண்டி ஓட்டுறப்ப ஜாக்கிரதை." ஜோசியரிடம் போகாதவர்களுக்கும் இது மனப்பாடம். சந்திரன் மனோகாரகன், செவ்வாய் வீரத்துக்கும் ரத்தத்துக்கும் உரியவன், ஆகவே அவர்கள் ஆளும் வருஷங்களும் அப்படித்தான் இருக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கை ஜோதிடத்தின் சொந்த விதிகளிலேயே நிற்காது. மனிதர்களின் வயதோடு வைத்துப் பார்த்தால் சுத்தமாக நிற்காது.

முதலில் விதிகள். ஒரு கிரகத்தின் தசை என்ன தரும் என்பதை அது எந்த வீட்டுக்கு அதிபதி, எங்கே நிற்கிறது, யாரோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது பாலபாடம். கடக லக்னத்துக்குச் செவ்வாய் ஐந்துக்கும் பத்துக்கும் உடைய யோககாரகன். அவன் தசையில் பதவியும் பிள்ளைப்பேறும் என்பார்கள், அடிதடி என்று சொல்ல மாட்டார்கள். விருச்சிக லக்னத்துக்குச் சந்திரன் ஒன்பதாம் அதிபதி, அதாவது பாக்கியாதிபதி. விருச்சிகம் ஸ்திர ராசி என்பதால் அதே சந்திரனே பாதகாதிபதியும் ஆகிறான். ஒரே ஆள், ஒரே தசை, பாக்கியமும் அவனே, பாதகமும் அவனே. நல்லது நடந்தால் ஒரு பெயர், கெட்டது நடந்தால் இன்னொரு பெயர் தயாராக இருக்கிறது. பழைய நூல்களின் தசா பலன்களைப் புரட்டினாலும் நிலம், வீடு, வாகனம், அரசாங்க ஆதரவு, திருடர் பயம், நெருப்பு, நோய் என்று வெளியுலக விஷயங்கள்தான் பெரும்பாலும் வரிசையாக வரும். பத்து வருஷம் முழுக்க ஒரே மனநிலை என்பது நம் காலத்துச் சுருக்கம்.

அடுத்து புத்திகள். சந்திர தசையின் 120 மாதங்களும் ஒன்பது கிரகங்களுக்கும் பங்கு போடப்படுகின்றன. சந்திரனுக்கு என்று கிடைப்பது முதல் 10 மாதம் மட்டும். சுக்கிரனுக்கு 20, சனிக்கு 19, ராகுவுக்கு 18. செவ்வாய் தசையிலும் செவ்வாயின் சொந்தப் புத்தி 4 மாதம் 27 நாள். சுக்கிரனுக்கோ 14 மாதம். ஆக, எந்தத் தசை நடந்தாலும் ஒன்பது பேரின் குணமும் உள்ளே இருக்கிறது. இதன் விளைவைப் பார்க்க ஓர் உதாரண ஜாதகம் போட்டுப் பார்ப்போம்.

1990 ஜனவரியில் பரணி நட்சத்திரத்தின் சரிபாதியில் ஒரு பெண் பிறக்கிறாள் என்று வையுங்கள். கர்ப்பச்செல் போக சுக்கிர தசை இருப்பு 10 வருஷம். பிறகு சூரியன் 6. ஆகவே 2006 ஜனவரியில் சந்திர தசை தொடங்கி 2016 ஜனவரியில் முடியும். 2007 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு பயத்தில் அவள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறாள்: செவ்வாய் புத்தி. 2008இல் கல்லூரியில் ஒருவன்மேல் காதல், வீட்டில் ரகளை: ராகு புத்தி. 2011இல் படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கவில்லை: சனி புத்தி. 2014 ஜூனில் கல்யாணம்: சுக்கிர புத்தி. அச்சு வார்த்தது போலப் பொருந்துகிறதே என்று தோன்றும். இப்போது மாற்றிப் பாருங்கள். ராகு புத்தியில் காதலுக்குப் பதில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தால்? ராகு பயத்தைத் தருவான். சனி புத்தியில் நல்ல வேலை கிடைத்திருந்தால்? சனி கர்மகாரகன், வேலைக்கு உரியவனே அவன்தான். எது நடந்தாலும் பொருந்துகிற சட்டை அந்த உடம்புக்கென்று தைத்தது ஆகாது.

இதைவிடப் பெரிய விஷயம் அவள் வயது. அவளுக்குச் சந்திர தசை நடந்தது 16இலிருந்து 26 வரை. பொதுத்தேர்வு, கல்லூரி, காதல், வேலை தேடல், கல்யாணம், புகுந்த வீடு எல்லாம் அந்தப் பத்து வருஷத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்த வயதில் மனசு அலைபாயாதவர் யார்? இதே கணக்கை மற்ற நட்சத்திரங்களுக்கும் பாதியில் பிறந்ததாக வைத்துப் போடலாம். கார்த்திகைக்காரருக்குச் சந்திர தசை 3 வயதில் தொடங்கி 13இல் முடியும். உடனே செவ்வாய் தசை, 13இலிருந்து 20 வரை. பையன் கதவை அறைந்து சாத்துகிறான், பைக் கேட்டுச் சண்டை போடுகிறான் என்றால் அதற்குச் செவ்வாய் வேண்டியதில்லை, வயது போதும். ரேவதிக்காரருக்குச் சந்திர தசை 41 வயதுக்கு மேல் தொடங்கி 51ஐத் தாண்டும். பெண்ணாக இருந்தால் மாதவிடாய் நிற்கிற காலம். யாராக இருந்தாலும் பிள்ளைகள் வெளியூர் போகிற, பெற்றோரை இழக்கிற காலம். பூசத்துக்காரருக்கு அது 60ஐ ஒட்டி வரும்: பணி ஓய்வும் தனிமையும். ஒவ்வொரு வயதுக்கும் அதனதன் அழுகை உண்டு. தசை அந்த அழுகையின்மேல் தன் பெயரை எழுதிக்கொள்கிறது.

சரி, தசைதான் காரணம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திருவாதிரை, சுவாதி, சதயம் ஆகிய மூன்றும் ராகுவின் நட்சத்திரங்கள். இவற்றில் பிறந்தவர்கள் ராகு தசையின் மிச்சத்தை முடித்து, குரு 16, சனி 19, புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6 என்று அனைத்தையும் கடந்தால்தான் சந்திர தசைக்கு வர முடியும். ராகு இருப்பு பூஜ்யம் என்று வைத்தாலும் 85 வயது ஆகிவிடும். செவ்வாய் தசைக்கு 95. இருபத்தேழில் மூன்று நட்சத்திரம் என்றால் மக்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர். இவர்கள் கண் கலங்காமல், கோபப்படாமல் வாழ்ந்து முடிக்கிறார்களா? உங்கள் வீட்டிலேயே ஒரு சுவாதிக்காரர் இருப்பார். அவர் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

கோட்சாரம், ஏழரைச் சனி, புத்தி, அந்தரம் என்று இதற்குப் பதில் வரும். அவையே கோபத்தையும் கண்ணீரையும் தந்துவிடும் என்றால் சந்திர தசைக்கும் செவ்வாய் தசைக்கும் தனியாக என்ன வேலை?

தேதிகளின் கதையையும் பார்த்துவிடலாம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பரணியில் அந்த ஒரு நாள்தான் 20 வருஷமாக விரிகிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரம் சுமார் 10 மாதம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடிகிற நேரத்தில் சில மணி வித்தியாசம் வருவது சாதாரணம். இரண்டு மணி நேரம் முந்தினால் நம் பரணிப் பெண்ணின் தசைகள் எல்லாம் 20 மாதம் முந்திவிடும். சந்திர தசை 2014 மே மாதத்திலேயே முடிந்துவிடும். ஜூனில் நடந்த அவள் கல்யாணம் சந்திர தசை சுக்கிர புத்தியிலிருந்து செவ்வாய் தசை செவ்வாய் புத்திக்கு வந்து விழும். கணவன் மனைவி சண்டை வந்தால் ஒரு பஞ்சாங்கம், சண்டை இல்லாவிட்டால் இன்னொரு பஞ்சாங்கம்.

"எனக்கு அப்படியே நடந்ததே" என்பவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் பார்த்த வரிசைதான் தவறு. தசையின் பெயரை முதலில் தெரிந்துகொண்டு பிறகு வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், பத்து வருஷத்தில் பத்து அழுகையாவது கிடைக்காமல் போகாது; அதே வருஷங்களின் சிரிப்பு கணக்கில் வராது. சோதனை என்றால் தலைகீழாகச் செய்ய வேண்டும். சம்பவங்களைத் தேதியோடு முதலில் எழுதுங்கள். பெயரையும் ஜாதகத்தையும் மறைத்துவிட்டு, இதில் எந்தப் பத்து வருஷம் சந்திர தசை என்று ஜோசியரைக் கேளுங்கள். விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர், நரேந்திர தபோல்கர் முதலியோர் புணேயில் இப்படி மறைத்து வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியானது. அது தசையைப் பற்றியது அல்ல: படிப்பில் சிறந்த பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகிய இரு தரப்பின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்து, எது எது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 ஜோதிடர்கள், ஆளுக்கு 40 ஜாதகம். சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிவிட்டிருந்தாலே பாதி தேறியிருக்கும். ஒரு பிள்ளையின் அறிவு வளர்ச்சியையே காட்டாத கட்டம், அவர் எந்த வருஷம் அழுவார் என்று எப்படிக் காட்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு நம்பிக்கை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிற பெண்ணை "சந்திர தசை, இன்னும் மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ" என்று திங்கட்கிழமை விரதத்துக்கும் திங்களூர் கோயிலுக்கும் அனுப்புகிறோம். கோயிலுக்குப் போவதில் தப்பில்லை. மனநல மருத்துவரிடம் போகாமல் இருப்பதில்தான் தப்பு. சிகிச்சைக்கு மசியக்கூடிய நோய்க்கு மூன்று வருஷத் தவணை கொடுப்பது கொடுமை. இன்னொரு பக்கம், கை நீட்டுகிற மாப்பிள்ளைக்குச் செவ்வாய் தசை வக்கீலாக வருகிறது. "அவருக்கு நேரம் சரியில்லம்மா, ஏழு வருஷம் பொறுத்துப் போ" என்று பெண்ணைப் பெற்றவளே சொல்கிறாள். அடித்தவன் குற்றம் கிரகத்தின் கணக்கில் போய்விடுகிறது. அடி மட்டும் அவள் கணக்கில் நிற்கிறது. அடுத்து வருவது 18 வருஷ ராகு தசை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு முடிவே வராது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் செவ்வாய் தசைக்கு விலக்கு தருகிற பிரிவு எதுவும் இல்லை. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டிலும் யாரும் நட்சத்திரம் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் அழுதால் ஏன் என்று அவரையே கேளுங்கள். ஒருவர் அடித்தால் அடித்தவர் பெயரைச் சொல்லுங்கள். செவ்வாயின் பெயரைச் சொல்லாதீர்கள்.