ஒற்றை டிக்கில் நிற்பவர்கள்

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு அறிவித்த மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் கைக்கு வந்ததா? மரக்காணம் பக்கம் இதை விசாரிக்க வேண்டுமென்றால் இன்று முதலில் தோன்றுவது வாட்ஸ்அப்தான். மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும், ஆட்கள் வேறு கூலி தேடிப் போயிருப்பார்கள், வீடு வீடாகப் போக ஆய்வு மாணவர்களிடம் பணம் இருக்காது. என்னிடமும் இருப்பதில்லை. அதனால் இந்த முறையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வந்த பதில்களை மட்டும் கூட்டிவிட்டு ‘தொழிலாளர்கள் சொல்கிறார்கள்’ என்று எழுதுவதுதான் எனக்குச் சிக்கல்.

கீழ்புத்துப்பட்டையே எடுத்துக்கொள்வோம். ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது, இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. இங்கே ஒரு குழுவில் கேள்வியைப் போட்டால் அது யாருடைய குழு என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வாட்ஸ்அப் குழுவின் அட்மின்கள் யாரைச் சேர்க்கிறார்கள் என்பதற்கு அப்படி ஓர் அரசாணை கிடையாது. குழுவில் இருந்தாலும் பேச முடியுமா? வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதை அழுத்தினார் என்பது குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு ஆள் கூப்பிடும் மேஸ்திரியும் அதே குழுவில் இருந்தால் ‘நிவாரணம் வரவில்லை’ என்பதை எந்தப் பெண் அழுத்துவார்?

குழுவை விட்டு ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் அனுப்பினால் பெயர் வெளியே தெரியாது. ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆய்வாளரின் எண்ணைச் சேமித்திருப்பவர் பெரும்பாலும் சங்க நிர்வாகி, படித்த இளைஞர், ஏற்கெனவே நமக்குப் பேட்டி கொடுத்தவர். கூகுள் படிவத்தின் இணைப்பை அனுப்பினால், அதைத் திறக்கும் நேரத்தில் நெட் இருந்தாக வேண்டும். ஆகவே நான் தனித்தனியாக, ஒரு கேள்வியை எழுத்திலும் குரல் பதிவிலும் அனுப்பி, 1 அல்லது 2 என்று பதில் கேட்கிறேன். டவர் இல்லாத இடத்தில் 1 என்று தட்டினாலும் அது போனிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் கிளம்பிவிடும்.

அதற்குப் பிறகு பதில்களைவிட டிக்குகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒற்றை டிக் என்றால் செய்தி அந்தப் போனைச் சேரவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம், நெட் அணைத்திருக்கலாம், சிம் மாறியிருக்கலாம். இரட்டை டிக் என்றால் போனைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததா தெரியாது. போன் மகனின் கையில் இருக்கலாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் தயக்கமா பயமா என்று யோசிக்கலாம், ஆனால் நீல டிக்கை அணைத்து வைப்பவர்களும் உண்டு. மூன்றையும் ‘பதிலளிக்காதோர்’ என்று ஒரே வரியில் போடும்போது ரீசார்ஜ் செய்யக் காசில்லாதவரும் மேஸ்திரிக்குப் பயப்படுபவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

இதற்கு ஹேன்சன், ஹர்விட்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1946இலேயே வழி சொல்லிவிட்டார்கள். அவர்கள் பேசியது தபாலில் அனுப்பிய கேள்வித்தாளைப் பற்றி. பதில் போடாதவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கலில் எடுத்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு 120 எண்களுக்கு அனுப்பினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 பேர் பதில் போட்டார்கள், அதில் 36 பேருக்கு நிவாரணம் வந்திருக்கிறது. 75 சதவீதம், செய்தியாகப் போட்டுவிடலாம். மீதி 72 பேரில் நான்கில் ஒருவராக 18 பேரை எடுத்து வீட்டுக்குப் போகிறோம். 6 பேருக்குத்தான் வந்திருக்கிறது. இந்த 18 பேரில் ஒவ்வொருவரும் நான்கு பேருக்குச் சமம் என்பதால் 72 பேரில் 24 பேருக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும். மொத்தம் 60, அதாவது 50 சதவீதம். பதினெட்டு வீடு என்பது இரண்டு நாள் நடை. ஆனால் அந்த 18 பேரையும் எப்படியாவது பார்த்தாக வேண்டும். வீட்டில் இல்லாதவருக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தால் கணக்கு கெட்டுவிடும்.

இதுவும் எண் உள்ளவர்களுக்குத்தான். போனே இல்லாத வீடு அந்த 120க்குள் வராது, எந்தப் பெருக்கலும் அதைக் கொண்டு வராது. அதனால் பட்டியலைப் போனிலிருந்து தொடங்காமல் தெருவிலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் வீடுகளை எண்ணி, பிறகு எந்த வீட்டில் எண் உண்டு, அது யாருடைய எண் என்று குறிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் பின்தங்கிய குடியிருப்புகளில் சுமார் 1,400 பள்ளிப் பிள்ளைகளை நேரில் போய் விசாரித்தார்கள். கிராமப்புறத்துத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் வெறும் 4 சதவீதம். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 சதவீதம். அதே கேள்வியை அந்த ஆண்டு ஓர் ஆன்லைன் படிவத்தில் கேட்டிருந்தால், மீதி 96 பேர் எந்தப் போனிலிருந்து பதில் சொல்லியிருப்பார்கள்?