கதை உண்மை, கணக்கு இலக்கம்தான் பொய்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் ஹட்டன், நுவரெலியா பக்கம் உதவிக் குறூப்களில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். இதில் நான் செய்த பிழையும் இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி வந்தபோது நம்ம பக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. பாதை இல்லை, கரண்ட் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்தது என்றே தெரியாது. சிக்னல் திரும்பி வந்ததும் போனில் உதவி கேட்டு மெசேஜ் குவிந்தது. அதில் ஒரே கிழமையில் வந்த இரண்டு மெசேஜைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒன்றை நாங்கள் பிடித்துவிட்டோம். மற்றது எங்களைப் பிடித்துவிட்டது.

முதலாவது இப்படி இருந்தது: "அவசரம்! அவசரம்! நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவில் தாய் தந்தையை இழந்த 3 வயதுக் குழந்தைக்கு இன்று இரவு 10 மணிக்குள் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரிக்கு 8 இலட்சம் கட்ட வேண்டும். 3 இலட்சம் சேர்ந்துவிட்டது. குடும்பத்தார் துக்கத்தில் இருப்பதால் யாரும் கோல் எடுக்க வேண்டாம். காசு போட்ட சிலிப்பை மட்டும் இந்த இலக்கத்துக்கு அனுப்பவும்." கூடவே மண்ணுக்குள் புதைந்த லயத்தின் படம்.

இதை ஆறுதலாக வாசித்தால் மெசேஜே தன்னைக் காட்டிக்கொடுக்கும். "நுவரெலியா மாவட்டம்" என்று இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று இல்லை. நம்ம ஆட்கள் உதவி கேட்டு எழுதினால் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் முதல் வரியிலேயே வரும், ஏனென்றால் அதை வைத்துத்தான் மற்றவர் அவர்களை அடையாளம் காண்பார். அடுத்தது, போட்டிருந்த ஆஸ்பத்திரி கண்டியில் உள்ள ஓர் அரச வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு கட்டுவதில்லை. உண்மையான குடும்பங்களுக்கும் காசு தேவைப்படும்தான். வெளியில் எடுக்கச் சொன்ன ஒரு டெஸ்ட், வெளியில் வாங்கச் சொன்ன ஒரு சாமான், போக்குவரத்து, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு என்று அதற்குக் காரணம் இருக்கும். அவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

மூன்றாவது அந்த "10 மணி". உண்மையான அவசரம் இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையான அவசரத்தில் இருக்கிற குடும்பம் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அவசரம் என்றும் சொல்லி, கோல் எடுக்காதே என்றும் ஒருவர் சொன்னால், அந்த அவசரம் நோயாளிக்கு உரியது அல்ல. நாம் யோசிப்பதற்கு முன்னால் காசு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அது.

படத்தை எங்கள் பாடசாலையில் படிப்பிக்கிற, பதுளைப் பக்கத்து டீச்சர் ஒருவர் பார்த்தார். "இது எங்கட பக்கம், மீரியபெத்தை" என்றார். கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிந்தபோது செய்தியில் வந்த படம்தான். பதினொரு வருசத்துக்கு முன்னால் புதைந்துபோன சனத்தின் படத்தை வைத்து ஒருவன் காசு கேட்டிருக்கிறான். குறூப்பில் போட்டு எல்லோரையும் எச்சரித்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை நான்கு நாள்தான்.

இரண்டாவது மெசேஜில் ஒரு கடிதத்தின் படம் இருந்தது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இலக்கம், பிள்ளையின் பெயர், வகுப்பு எல்லாம் இருந்தன. லயம் மண்ணில் போய்விட்டது, பிள்ளைக்குக் கால் முறிவு, வாடகைக்கு ஒரு காம்பரா எடுக்கவும் கிளினிக் போய்வரவும் உதவி தேவை என்று எழுதியிருந்தது. கோயில் கமிட்டித் தலைவரின் கையெழுத்தும் கிராம உத்தியோகத்தரின் முத்திரையும் இருந்தன. முதல் மெசேஜில் இல்லாதது எல்லாம் இதில் இருந்தது. அந்தப் பிள்ளையைத் தெரியும் என்று எங்கள் ஆசிரியர் ஒருவரே சொன்னார். நான் 5,000 ரூபா போட்டேன். சிலிப்பையும் சேர்த்து பெற்றோர் குறூப்பில் பகிர்ந்தேன்.

கடிதத்தில் பிள்ளையின் அம்மாவுடைய கணக்கு இலக்கம் இருந்தது. ஆனால் படத்துக்குக் கீழே ஒருவர் டைப் பண்ணியிருந்தார்: "அம்மாவின் கணக்கில் ஒரு பிரச்சினை. கீழே உள்ள மாமாவின் கணக்குக்குப் போடவும்." நாங்கள் எல்லோரும் போட்டது அந்தக் கீழே இருந்த இலக்கத்துக்கு.

அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு மாமா இல்லை. அம்மாவின் கணக்கில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. பிள்ளை உண்மை, கால் முறிந்தது உண்மை, கடிதம் உண்மை, முத்திரை உண்மை. ஏதோ ஒரு குறூப்பில் அந்தக் கடிதத்தைக் கண்ட ஒருவன் கீழே இரண்டு வரி சேர்த்துத் திரும்ப அனுப்பிவிட்டான். அவன் செய்த வேலை அவ்வளவுதான். எங்கள் குறூப்பில் மட்டும் சிலிப்களைக் கூட்டிப் பார்த்தபோது 41,500 ரூபா. அதில் 700 ரூபா கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா போட்டது. அவருக்கு அது அரைப் பேர். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "டீச்சர், நீங்க போட்டதாலதான் நானும் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. நாங்கள் பார்த்தது கதை உண்மையா என்பதைத்தான். காசு போய்ச் சேரும் இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கதையைப் பற்றி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அந்த உறுதி கணக்கு இலக்கத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? முதலில் படத்தில் உள்ள இலக்கத்தையும் கீழே எழுதியுள்ள இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். பிறகு கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வங்கியின் வைப்பு மெஷினில் இலக்கத்தை அடித்ததும் பெரும்பாலும் பெயரைக் காட்டும். அதை வாசிக்காமல் அடுத்த பொத்தானை அமுக்காதீர்கள். பெயர் வேறாக இருப்பதாலேயே அது மோசடி என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் எத்தனையோ பேருக்குச் சொந்தக் கணக்கு இல்லை, மச்சானுடையதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஏன் வேறு பெயர் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை மெசேஜில் உள்ள இலக்கத்துக்கு எடுத்துக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. கள்ளனின் மெசேஜில் கள்ளனின் போன் இலக்கம்தான் இருக்கும், அவனும் அழுதுகொண்டே பதில் சொல்வான். தோட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர், கங்காணி, கோயில், பள்ளிவாசல் அல்லது சேர்ச் நிர்வாகம், கிராம உத்தியோகத்தர் என்று வேறு வழியில் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எடுத்தால் நோயாளியின் விபரம் சொல்ல மாட்டார்கள், அது அவர்களின் கடமை. ஆகவே அந்த வழியை நம்பியிருக்காதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை. போன் இலக்கத்தையும் கணக்கு இலக்கத்தையும் அப்படியே பேஸ்புக்கிலும் கூகுளிலும் தேடிப் பாருங்கள். 2023 பெப்ரவரியில் துருக்கி, சிரியா நிலநடுக்கத்துக்குப் பிறகு ட்விட்டரில் உதவி கேட்டு ஒரு படம் பரவியது. தீயணைப்பு வீரர் ஒருவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல. கையில் ஆறு விரல். கம்பியூட்டரில் செய்த படம். காசு கேட்ட கிரிப்டோ கணக்கை பிபிசி தேடியபோது, அதே கணக்கு 2018இலும் மோசடிப் பதிவுகளில் வந்திருந்தது தெரிந்தது. படத்தையும் கதையையும் நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றலாம். காசு வாங்குகிற கணக்கை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. நம்ம ஊரிலும் ஒரே இலக்கம் போன மாதம் வேறொரு பிள்ளையின் பெயரில் வந்திருக்கலாம்.

வட்ஸ்அப்பில் இரண்டு அம்புக்குறியோடு "Forwarded many times" என்று வந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவர் உங்கள் சொந்த அண்ணனாக இருந்தாலும் அவருக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

உதவி கேட்கிற குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் இலக்கம் வெளியில் போன பிறகு, "வெளிநாட்டு நிறுவனம் 10 இலட்சம் தருகிறது, அதை விடுவிக்க 15,000 கட்டுங்கள்" என்றோ, "போனுக்கு வந்த OTP இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றோ கோல் வரலாம். உங்கள் கணக்கில் காசு போட ஒருவருக்குக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். OTP கேட்பவன் காசு போட வரவில்லை, எடுக்க வந்திருக்கிறான். கடிதம் எழுதும்போது திகதியும் தேவையான தொகையும் போடுங்கள். "இந்தக் கணக்கு மாறாது, வேறு இலக்கம் வந்தால் போட வேண்டாம்" என்று கடிதத்துக்குள்ளேயே எழுதுங்கள். தொகை சேர்ந்ததும் "போதும்" என்று அறிவியுங்கள்.

போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுங்கள். ஒன்லைனில் அனுப்பிய காசு சில செக்கன்களில் போய்ச் சேர்ந்துவிடும், திரும்ப எடுப்பது கஷ்டம், ஆனால் அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. சிலிப்பையும் மெசேஜையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். இணைய மோசடி பற்றி ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்திலும் சொல்லலாம். நாங்கள் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். காசு இன்னும் திரும்பவில்லை.

இனி எங்கள் பெற்றோர் குறூப்பில் ஒரு முறை வைத்திருக்கிறோம். உதவி கேட்கும் எந்த மெசேஜைப் போடுபவரும் மேலே ஒரு வரி எழுத வேண்டும்: "இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், இந்தக் கணக்கு இலக்கத்தை இன்னாரிடம் நானே கேட்டு உறுதி செய்தேன்." அந்த வரி இல்லாவிட்டால் அட்மின் அழித்துவிடுவார்.

இதை எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. "எல்லாம் கள்ளம்" என்று சொல்லிக் கையை மூடிக்கொள்ள இந்தப் பதிவு சிலருக்குச் சாட்டாகிவிடக் கூடாது. அந்தப் பிள்ளையின் அம்மாவின் கணக்குக்கு அந்தக் கிழமை வந்தது 3,200 ரூபாதான். நம்ம சனம் கொடுக்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார். பிறகு நாங்கள் நேரே போய், கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, இலக்கத்தை எழுதி வந்து, திரும்பச் சேர்த்தோம். அந்த அக்கா இரண்டாவது முறையும் 700 ரூபா போட்டார்.

நான் பகிர்ந்ததை நம்பிக் காசு போட்ட எல்லோரும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் குறூப்பிலும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.