ஜம்ப் கேமுக்கு 'கிரீடி'ங்கிற பேர் பொருந்தல

பிளேஸ்மென்ட் சீசன்ல நம்ம ஹாஸ்டல்ல கைமாறுற எந்த ப்ராப்ளம் ஷீட்டை எடுத்தாலும் 'கிரீடி'ங்கிற தலைப்புக்குக் கீழ ஜம்ப் கேம் இருக்கும். லீட்கோட்ல 55-ஆவது கணக்கு அது. குறைந்தபட்ச தாவல் கேட்கிற ஜம்ப் கேம் 2, 45-ஆவது கணக்கு. ரெண்டுக்கும் விடை ஏழெட்டு வரிதான். அதனால பெரும்பாலானவங்க மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுறாங்க. என் வாதம், அந்தத் தலைப்பே தப்பான படத்தை மனசுல பதிய வைக்குது என்பதுதான்.

கணக்கு இதுதான். ஒரு அரே இருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு எண். அந்த இடத்துல நின்னா, முன்பக்கமா அதிகபட்சம் அத்தனை அடி தாவலாம். முதல் இடத்துல இருந்து கடைசி இடத்துக்குப் போக முடியுமா? இது 55. குறைஞ்சது எத்தனை தாவல்ல போகலாம்? இது 45.

கிரீடின்னா பேராசை. அப்போ படிக்கிறவனுக்கு என்ன தோணும்? "எவ்ளோ தூரம் தாவ முடியுமோ அவ்ளோ தூரம் தாவு." இதை `[3, 4, 1, 0, 1, 0]`-ல போட்டுப் பாருங்க. இண்டெக்ஸ் 0-ல 3 இருக்கு, அதனால பேராசைப்பட்டு நேரா இண்டெக்ஸ் 3-க்குப் போறோம். அங்க 0. மாட்டிக்கிட்டோம், வழியே இல்லைன்னு சொல்லிடுவோம். ஆனா வழி இருக்கு. ஒரே ஒரு அடி வச்சு இண்டெக்ஸ் 1-க்குப் போனா அங்க 4 இருக்கு, அடுத்த தாவல்ல கடைசி இடம் 5.

சரியான கோடு இப்படித் தாவுறதே இல்லை. அது எந்தத் தாவலையும் தேர்ந்தெடுக்கறதில்லை.

```python
def can_reach(a):
    far = 0
    for i in range(len(a)):
        if i > far:
            return False
        far = max(far, i + a[i])
    return True
```

ஒவ்வொரு இடமா நடந்து போய், "இதுவரைக்கும் பார்த்த இடங்கள்ல இருந்து எட்டக்கூடிய கடைசி எல்லை எது?"ன்னு ஒரே ஒரு எண்ணைக் குறிச்சு வைக்குது, அவ்வளவுதான். ஒரே எண் எப்படிப் போதும்? கேள்வியில இருக்கிற 'அதிகபட்சம்'ங்கிற ஒரு சொல்லாலதான். ஊருக்குப் போற சாதா பஸ் மாதிரி. ஏழாவது ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தா, நடுவுல எந்த ஸ்டாப்லயும் இறங்கிக்கலாம். அதனால `far` வரைக்கும் போக முடியும்னா, அதுக்கு முன்னாடி இருக்கிற எல்லா இடத்துக்கும் போக முடியும். நடுவுல ஓட்டையே விழாது. ஓட்டை இல்லாத கூட்டத்தைச் சொல்ல அதோட கடைசி எல்லை ஒண்ணு தெரிஞ்சாலே போதும்.

இப்போ அதே பஸ்ஸை பாயிண்ட் டு பாயிண்ட் ஆக்குங்க, அதாவது 'சரியா அத்தனை அடிதான் தாவணும்'. இந்தக் கோடு உடனே பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். `[2, 5, 0, 0]`-ல 0-ல இருந்து சரியா 2 அடி வச்சா இண்டெக்ஸ் 2, அங்க 0. கடைசிக்குப் போகவே முடியாது. ஆனா நம்ம கோடு, தொடவே முடியாத இண்டெக்ஸ் 1-ல இருக்கிற 5-ஐயும் கணக்குல எடுத்து `True`ன்னு சொல்லும். ஜம்ப் கேம் 3-ல விதி இப்படித்தான், சரியா அத்தனை அடி, முன்னாடியோ பின்னாடியோ. அங்க இந்த வித்தையைத் தூக்கிட்டுப் போறவங்க முழிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

இனி 45. இங்கதான் 'கிரீடி'ங்கிற பேர் இன்னும் அதிகமா ஏமாத்துது.

```python
def min_jumps(a):
    jumps = end = far = 0
    for i in range(len(a) - 1):
        far = max(far, i + a[i])
        if i == end:
            if far == end:
                return -1
            jumps += 1
            end = far
    return jumps
```

என்னைக் கேட்டா, இது க்யூ இல்லாத பி.எஃப்.எஸ். பழைய உதாரணத்தையே எடுத்துக்கலாம். 0 தாவல்ல இருக்கிற இடம்: இண்டெக்ஸ் 0 மட்டும். 1 தாவல்ல எட்டுற இடங்கள்: 1, 2, 3. இந்த மூணுல எதுல நின்னா அடுத்து ரொம்ப தூரம் எட்டும்? 1-ல நின்னா 5 வரை, 2-ல நின்னா 3 வரை, 3-ல நின்னா எங்கயும் இல்லை. ஆக 2 தாவல்ல புதுசா எட்டுற இடங்கள்: 4, 5. கடைசி இடம் இந்த அடுக்குல இருக்கு, விடை 2. ஓட்டை இல்லைங்கிற அதே காரணத்தால ஒவ்வொரு அடுக்கும் தொடர்ச்சியான ஒரு துண்டு. அதனால க்யூல இடங்களை ஒண்ணொண்ணா அடுக்க வேண்டியதில்லை. இந்த அடுக்கு முடியுற இடம் `end`, அடுத்த அடுக்கு முடியப்போற இடம் `far`.

இதை அடுக்குன்னு புரிஞ்சுக்கிட்டா, மனப்பாடத்துல மறந்துபோற அந்த `len(a) - 1` தானா விளங்கும். `i == end` ஆகும்போது "இந்த அடுக்கு முடிஞ்சுது, இன்னொரு தாவல் வேணும்"னு அர்த்தம். கடைசி இடத்துல நின்னுக்கிட்டு இன்னொரு தாவல் எதுக்கு? லூப்பைக் கடைசி வரை ஓட விட்டீங்கன்னா, நம்ம உதாரணத்துல `i = 5`-ல `end`-உம் 5, `far`-உம் 5, `-1` வந்து நிக்கும். கடைசி எண் 0-க்கு பதிலா 2-ன்னு இருந்தா 3 வரும். வேடிக்கை என்னன்னா, கடைசி அடுக்கு அரேயைத் தாண்டி வெளிய போற டெஸ்ட் கேஸ்ல இந்தத் தப்பு தெரியவே தெரியாது. எல்லை சரியா கடைசி இண்டெக்ஸ்ல வந்து விழும்போதுதான் பல்லிளிக்கும்.

"மச்சி, கோடு பாஸ் ஆகுதுல்ல, பேர் எதுவா இருந்தா என்ன?"ன்னு என் ரூம்மேட் கேட்பான். நியாயமான கேள்விதான். என் பதில், இன்டர்வியூல வர்ற அடுத்த கேள்வியில இருக்கு: "எண்ணிக்கை சரி, எந்தெந்த இடத்துல இறங்கினீங்க?" கிரீடின்னு நினைச்சவங்க `jumps += 1` நடக்கிற `i`-ஐ எழுதிக் கொடுப்பாங்க. நம்ம உதாரணத்துல அது 0-உம் 3-உம். ஆனா 3-ல 0 இருக்கு, அங்க இருந்து நகரவே முடியாது! இண்டெக்ஸ் 3 ஒரு அடுக்கோட வேலி மட்டும்தான், நாம இறங்கின இடம் இல்லை. அடுக்குன்னு புரிஞ்சவங்க `far` எந்த `i`-ல கூடுச்சோ அதைத் தனியா `best`-ன்னு வச்சிருப்பாங்க, அடுக்கு முடியும்போது அந்த `best`-ஐ பாதையில சேர்ப்பாங்க. முதல் அடுக்குல 0, ரெண்டாவதுல 1, கடைசியா 5. பாதை 0, 1, 5.

இதுல கிரீடியே இல்லைன்னு நான் சொல்லல. அடுத்த எல்லையை எது அதிகம் தள்ளுதோ அதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை விட்டுடறோமே, அது கிரீடிதான். ஆனா பேராசை தாவல்ல இல்லை, எல்லையில. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேல பார்த்த 3-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம். ஷீட் போடுற சீனியர்ஸ் இந்த ரெண்டு கணக்கையும் பி.எஃப்.எஸ். பகுதிக்கு அடுத்து வச்சா, முதல்ல அடுக்கு போட்டு விடை கண்டுபிடிச்சிட்டு, அப்புறம் க்யூவைத் தூக்கி எறியலாம்.

தூக்கி எறியக் கூடாத இடமும் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு இடத்துல இறங்கவும் தனித்தனி காசுன்னு கேள்வியை மாத்திட்டா, ஒரே அடுக்குல இருக்கிற ரெண்டு இடம் சமம் கிடையாது. தூரமா எட்டுற இடம் விலை அதிகமான இடமாவும் இருக்கலாம். அங்க `far` எதையும் சொல்லாது. டி.பி. எழுதித்தான் ஆகணும்.