தெரிந்திருந்தால் மட்டும் போதுமா?

பொருளாதாரம் பற்றி நாலு பேர் பேசும் இடத்தில் ஒரு குரல் தவறாமல் எழும். "அரசாங்கம் என்ன பண்ணாலும் ஒண்ணும் ஆகாது சார். நோட்டு அடிச்சா விலை ஏறும், அவ்வளவுதான். மக்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சுடும். லூகாஸ் இதுக்குத்தானே நோபல் வாங்கினார்?" உடனே பக்கத்திலிருந்து இன்னொரு குரல்: "மனுஷன் என்ன கால்குலேட்டரா? அதெல்லாம் அமெரிக்கப் பேராசிரியர்கள் விட்ட கதை." எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கிறது. முதல் ஆளோடு கொஞ்சம் அதிகமாக. இரண்டாமவரை முதலில் அனுப்பிவிடுகிறேன்.

ரேஷனல் எக்ஸ்பெக்டேஷன்ஸ். தமிழில் 'பகுத்தறிவு எதிர்பார்ப்பு' என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு இருப்பதால், படிப்பவருக்கு ஏதோ ஞானிகளைப் பற்றிய கோட்பாடு என்று தோன்றிவிடுகிறது. 1961இல் ஜான் மூத் இதை முன்வைத்தபோது அவர் கையில் இருந்த உதாரணம் விவசாயச் சந்தை. போன வருஷம் விலை நன்றாக இருந்தது என்று எல்லோரும் பயிரிடுவார்கள், இந்த வருஷம் விலை விழும். பயந்துபோய் எல்லோரும் குறைப்பார்கள், அடுத்த வருஷம் விலை ஏறும். அதுவரை இருந்த மாதிரிகளில் விவசாயி இப்படியே ஆண்டாண்டு காலமாக ஏமாந்துகொண்டிருந்தார். மூத் கேட்டது இவ்வளவுதான்: மேசையில் உட்கார்ந்திருக்கும் பொருளாதார அறிஞருக்குப் புரிகிற இந்தச் சுழற்சி, அதில் காசைப் போட்டவருக்குப் புரியாதா? விவசாயி தவறலாம். ஒரு வருஷம் கூடுதலாகவும் ஒரு வருஷம் குறைவாகவும் கணிக்கலாம். ஆனால் வருஷா வருஷம் ஒரே பக்கமாகத் தவற மாட்டார். கோட்பாடு கேட்பது இதை மட்டும்தான். எல்லாம் தெரிந்த மனிதனை அது கேட்கவில்லை.

இனி முதல் ஆளிடம் வருவோம். அவருடைய வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு பேக்கரிக்காரர். ஒரு நாள் ரொட்டிக்கு முன்பைவிட அதிக விலை கிடைக்கிறது. அவர் கண்ணுக்குத் தெரிவது தன் கடை விலை மட்டும்தான். இது தன் ரொட்டிக்கு வந்த மவுசா, அல்லது ஊரில் பணம் பெருத்து எல்லா விலையும் ஏறுகிறதா என்று உடனே பிரித்தறிய முடியாது. கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று வைத்துக்கொண்டு கூடுதலாக மாவு பிசைகிறார். உற்பத்தி கூடுகிறது. மாவு விலையும் ஆள் கூலியும் அதே அளவு ஏறியிருப்பது பிறகுதான் தெரிகிறது. அவர் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறார். ராபர்ட் லூகாஸ் 1972இல் எழுதிய கட்டுரையின் உயிர் இந்தக் குழப்பத்தில் இருக்கிறது. பணம் உற்பத்தியைத் தூண்டியது நிஜம், ஆனால் அது ஒரு தவறான புரிதல் வழியாகத்தான் தூண்டியது.

இப்போது அதே மத்திய வங்கி, "ஜனவரி முதல் பணப்புழக்கத்தைப் பத்து சதவீதம் கூட்டப்போகிறோம்" என்று முன்பே சொல்லிவிடுகிறது. பேக்கரிக்காரர், மாவு மில்லுக்காரர், அடுப்படியில் வேலை செய்பவர், எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பத்து சதவீதம் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு ரொட்டிகூடக் கூடுதலாக வேகாது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் சார்ஜென்ட்டும் நீல் வாலஸும் எழுபதுகளின் நடுவில் இதை இன்னும் ஒரு படி தள்ளினார்கள். அரசு அறிவிக்கக்கூட வேண்டாம். வேலையின்மை ஏறும்போதெல்லாம் பணத்தை இறக்குவது வழக்கமாகிவிட்டால், அந்த வழக்கத்தை ஜனங்கள் கற்றுக்கொள்வார்கள். வேலையின்மை ஏறியதும், பணம் வருமுன்பே விலையை மாற்றிவிடுவார்கள். வழக்கத்தை மீறிய, யாரும் எதிர்பாராத பகுதி மட்டும்தான் உற்பத்தியை அசைக்கும். ஆனால் யாராலும் ஊகிக்க முடியாத ஒன்று, நோய்க்கு ஏற்ற மருந்தாக இருக்கவும் முடியாது. அது தற்செயல். கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை கொடுப்பது மாதிரி.

அழகான வாதம். உள்ளே ஓட்டை இல்லை. அதனால்தான் இதைத் தூக்கிக்கொண்டு திரிபவர்களுக்கு அவ்வளவு மிதப்பு.

இந்த வாதத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. பணத்தைக் கூட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கூட்டினால் உற்பத்தி ஏறாது என்றால், குறைப்பதாகச் சொல்லிவிட்டுக் குறைத்தால் உற்பத்தி விழவும் கூடாது. பணவீக்கத்தை வலியே இல்லாமல் இறக்கிவிடலாம். சொன்னால் போதும்.

சொன்னார்கள். 1979 அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை மாலை, அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் புதிய தலைவர் பால் வோல்க்கர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இனி பணப்புழக்கத்தை இறுக்கிப் பிடிப்போம், வட்டி எங்கே போனாலும் போகட்டும் என்ற பொருளில் அறிவித்தார். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அப்போது பணவீக்கம் 12 சதவீதத்துக்கு மேல், வேலையின்மை ஏறத்தாழ 6 சதவீதம். 1983இல் பணவீக்கம் 3 சதவீதச் சொச்சத்துக்கு இறங்கியது. நடுவில், 1982இன் கடைசி மாதங்களில், வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. ஒரு கோடியே இருபது லட்சம் பேர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். வீடு கட்டுபவர்கள் விற்காத மரக்கட்டைகளை ஃபெடரல் ரிசர்வுக்குத் தபாலில் அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டரோடு வாஷிங்டனுக்கு வந்தார்கள். அறிவிக்கப்பட்ட கொள்கை உற்பத்தியைத் தொடாது என்றார்களே?

இங்கே நம் நண்பர் சளைக்க மாட்டார். "அறிவிச்சாங்க சரி, யார் நம்பினா?" என்பார். நியாயமான கேள்வி, சான்றும் அவர் பக்கம் இருக்கிறது. 1980 ஏப்ரலில் 17 சதவீதத்தைத் தாண்டியிருந்த குறுகிய கால வட்டி, ஜூலையில் 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. தேர்தல் வருஷம். பிறகு மறுபடி ஏற்றினார்கள். இதைப் பார்த்த எவரும் "இவங்க பயந்துட்டாங்க, இதுவும் பழைய கதைதான்" என்று நினைத்திருந்தால் அது முட்டாள்தனம் இல்லை. மக்கள் மனதை அறிய ஒரு நல்ல இடம் உண்டு: பத்து வருஷக் கடன் பத்திரத்தின் வட்டி. பத்து வருஷத்துக்கு விலைவாசி எப்படிப் போகும் என்று பணம் போட்டவர் நினைப்பதும் அதில் கலந்திருக்கும். அறிவிப்பு வந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, 1981 செப்டம்பரில், அந்த வட்டி 15 சதவீதத்துக்கும் மேலே போய் உச்சம் தொட்டது. நம்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் கோஷத்தில் முதல் திருத்தம்: 'முன்கூட்டியே தெரிந்த' என்பதை அடித்துவிட்டு 'முன்கூட்டியே நம்பிய' என்று எழுத வேண்டும். ஆனால் எல்லோரும் நம்பியிருந்தாலும் வலி இருந்திருக்கும் என்பது என் கட்சி.

1977இல் ஸ்டான்லி ஃபிஷர் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பகுத்தறிவோடு எதிர்பார்க்கிறார்கள் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டார். கூடவே ஒரே ஒரு விஷயம் சேர்த்தார்: கூலி ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு மேல் நீடிக்கும். அவ்வளவுதான், சார்ஜென்ட்–வாலஸ் முடிவு கழன்றுவிட்டது.

ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். 1979 ஜனவரியில் தொழிலாளர்களும் முதலாளியும் உட்கார்ந்து, விலைவாசி வருஷத்துக்கு 9 சதவீதம் ஏறும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, கூலியும் வருஷத்துக்கு 9 சதவீதம் என்று மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அக்டோபரில் அறிவிப்பு வருகிறது. இருவருமே முழுசாக நம்புகிறார்கள். இனி விலை 4 சதவீதம்தான் ஏறும் என்று சரியாகவே கணிக்கிறார்கள். நடப்பதும் அதுதான். 1980, 1981 இரண்டு வருஷத்தில் கூலி 100இலிருந்து ஏறத்தாழ 119 ஆகிறது. சரக்கு விலை 100இலிருந்து 108. விற்கும் விலையோடு ஒப்பிட்டால் ஓர் ஆளின் செலவு கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடிவிட்டது. முதலாளி ஆளைக் குறைக்கிறார். இதில் யார் ஏமாந்தார்? ஒருவரும் இல்லை. தெரிந்தது, நம்பினார்கள், கணக்கும் சரி. கைதான் கட்டியிருந்தது.

இது வெறும் கரும்பலகைக் கதை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸும் மோட்டார் தொழிலாளர் சங்கமும் புதிய மூன்று வருஷ ஒப்பந்தத்தை முடித்தது 1979 செப்டம்பரில், வோல்க்கரின் சனிக்கிழமைக்குச் சில வாரங்களே முன்பு. (அதில் விலைவாசியோடு கூலி ஏறும் பஞ்சப்படி மாதிரியான ஷரத்து உண்டு, அதனால் என் தொழிற்சாலை அளவுக்கு அது இறுகிய ஒப்பந்தம் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அழுகுணி ஆட்டம் ஆகிவிடும்.) அந்த ஒப்பந்தத்தைக் கெடுவுக்கு முன்பே பிரித்து விட்டுக்கொடுத்தது 1982 தொடக்கத்தில். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டதும் மறுநாள் காலையிலேயே கூலி தன்னைத் திருத்திக்கொள்ளும் என்ற கோட்பாட்டின் உலகத்துக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் இரண்டரை வருஷம்.

நண்பரிடம் கடைசியாக ஒரு துருப்புச்சீட்டு இருக்கும்: ஜெர்மனி. சார்ஜென்ட்டே 1982இல் அதை எடுத்து விரித்தார். ஆஸ்திரியா, ஹங்கேரி, போலந்து, ஜெர்மனி என்று முதல் உலகப்போருக்குப் பிந்தைய நான்கு பெரும் பணவீக்கங்கள் எப்படிச் சட்டென்று நின்றன என்று காட்டினார். ஜெர்மனியில் 1923 நவம்பரில் ஒரு லட்சம் கோடி காகித மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் என்று புதிய பணம் வந்தது. அரசின் கடன் சீட்டை வாங்கிக்கொண்டு மத்திய வங்கி நோட்டு அடித்துக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அரசு ஊழியர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விலை நின்றது. அமெரிக்கா மாதிரி வருஷக்கணக்கில் இழுக்கவில்லை.

சார்ஜென்ட் சொன்ன காரணம் சரிதான்: அங்கே மாறியது வெறும் அறிவிப்பு இல்லை, அரசு செலவு செய்யும் முறையே மாறியது, அதனால் நம்பினார்கள். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 1923 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியில் மூன்று வருஷக் கூலி ஒப்பந்தம் என்று ஒன்று எங்கே இருந்தது? வாரத்துக்குப் பல முறை கூலி வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். காலையில் இருந்த விலை மாலையில் இல்லை. நீண்ட கால வாக்குறுதிகள் எல்லாம் ஏற்கெனவே செத்துப்போயிருந்தன. கட்டியிருந்த கைகளை அந்தப் பெரும் பணவீக்கமே அவிழ்த்துவிட்டிருந்தது. மிதமான பணவீக்கத்தில் கதை வேறு: ஒப்பந்தங்கள் உயிரோடு இருக்கின்றன, அவைதான் கடிக்கின்றன. டிசம்பர் 1923ஐ வைத்து டிசம்பர் 1982க்கு வாக்குறுதி கொடுப்பவர் இந்த வித்தியாசத்தைப் பேசமாட்டார்.

ஆகவே 'அரசு என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது' என்பவரிடம் என் கேள்வி இது: யாருக்கு ஒன்றும் ஆகாது? கடன் பத்திரம் வைத்திருப்பவர் செய்தி கேட்ட அதே நிமிஷம் தன் விலையை மாற்றிக்கொள்ளலாம். கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே செய்தித்தாளைத்தான் படித்தார்கள், இருவருக்கும் ஒரே அளவு பகுத்தறிவு. கோட்பாட்டின் சமன்பாட்டில் 'மக்கள்' என்று ஒரே எழுத்தாக நிற்பவர்கள் இவர்கள்தான். 1984 நடுவில், பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி வந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆன பின்பும், பத்து வருஷக் கடன் பத்திரத்துக்கு 13 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது. பத்திரக்காரர்கள் அப்போதும் வோல்க்கரை நம்பத் தயாராக இல்லை. அந்த அவநம்பிக்கைக்கு அவர்களுக்கு வட்டியும் வந்தது.