நண்பர் எழுதிய முதல் பக்திப் பாட்டு

நமது சங்க மலருக்கும், நம் அன்பர்கள் வீட்டு விசேஷங்களுக்கும், கோயில் திருவிழாக்களுக்கும் இப்போதெல்லாம் பக்திப் பாடல் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எழுதியவர் அதை முதலில் காட்டுவது ஒரு நண்பரிடம்தான். "எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்கும்போது என்ன சொல்வது என்பதில் நான் செய்த தவறு ஒன்றையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுத விரும்புகிறேன். நான் புலவன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளத்தையும் பாலத்தையும் சோதித்து ஓய்வு பெற்றவன். குறை கண்டுபிடிப்பதே என் பிழைப்பாக இருந்தது. சங்கடமும் அதில்தான் வந்தது.

காஞ்சிரங்குளத்தில் எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் தென்காசிப் பக்கத்துக்காரர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து பலசரக்குக் கடை வைத்தவர். அவருடைய பேரனுக்கு இரண்டு வயதில் இருதய அறுவை நடந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு நாள், கடைக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாளை என்னிடம் கொடுத்தார். நெய்யாற்றங்கரைக் கிருஷ்ணன் மேல் அவர் எழுதிய பாட்டு. வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பாட்டு. "அண்ணாச்சி, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. அச்சடிச்சுக் கோயில்ல ஐந்நூறு பேருக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

படித்தேன். பல்லவி இப்படி இருந்தது:

குழல் ஏந்தி நிற்கும் கண்ணா – என்
குடியைக் காக்க வருவாய் மன்னா

அனுபல்லவி "பட்டி தொட்டி எங்கும் உன் பேர்" என்று தொடங்கியது. சரணம் இது:

ஆறாம் மாடி வராந்தாவில்
அழுது நின்றேன் அன்றிரவில்
பேரன் மூச்சு வாங்கையிலே
பேசாதிருந்தாய் பக்கத்திலே

கடைசிச் சரணத்தில் "நெய்யாற்றங்கரை நீலமேக சியாமள வண்ணனே" என்று ஓர் அடி.

பென்சிலை எடுத்தேன். பழக்கதோஷம். பல இடங்களில் கோடு போட்டேன். "ஆறாம் மாடி வராந்தா" கவிதைக்குப் பொருந்தாது என்று எழுதினேன். "பேசாதிருந்தாய்" என்பது பகவானைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது என்று அதை அடித்துவிட்டு "கருணை புரிந்தாய்" என்று மேலே எழுதினேன். எழுதி முடித்தபின் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. இவ்வளவு கோட்டையும் பார்த்தால் என்ன நினைப்பார்? இரண்டு மாதம் தாள் என் மேசையிலேயே கிடந்தது. முதலில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டார். பிறகு மாலைத் தேநீருக்கு வருவதையும் விட்டார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் மிக மோசமான விமர்சனத்தைச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கதை நினைவுக்கு வந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணவரான உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருப்பது அது. பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனங்களாகப் பாடி முடித்து, அதற்குச் சிறப்புப்பாயிரம் தரும்படி மாயூரத்தில் இருந்த பிள்ளையவர்களிடம் கேட்டார். பிள்ளையவர்கள் இலக்கணக் கடல். பாரதியாரின் பாட்டிலோ இலக்கணப் பிழைகள் இருந்தன. முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை, பாராட்டவும் மனமில்லை. அதனால் நாள் கடத்தினார். பாரதியாரோ பல முறை நடந்தார். ஒரு நாள் பகலில் பிள்ளையவர்கள் படுத்திருந்த நேரம் பாரதியார் வந்து, காத்திருக்கும் பொழுதில் திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனங்களைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளையவர்களின் காதில் அது விழுந்தது; கண்ணில் நீர் வந்தது. எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். அந்த நூல் 1861-ஆம் ஆண்டு காரைக்காலில் அச்சாயிற்று. அதன்பின் எத்தனை தலைமுறை அதைக் கேட்டு உருகியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கதையைப் "பக்தி இருந்தால் இலக்கணம் வேண்டாம்" என்பதற்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டில் இருந்த பிழை பாடியதால் மறைந்துவிடவில்லை. பிள்ளையவர்கள் அதுவரை தாளில் பார்த்ததைத்தான் எடைபோட்டார். பாட்டு தாளில் இருக்கவில்லை. அத்தனை பெரியவரே காகிதத்தை வைத்துக்கொண்டு நாள் கடத்தினார் என்றால் நானும் நீங்களும் எம்மாத்திரம்? ஆகவே என் கருத்து இது: கீர்த்தனத்தைப் படித்து அபிப்பிராயம் சொல்லாதீர்கள். எழுதியவரைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதையும் அந்த வாரத்திலேயே சொல்லுங்கள்.

நான் பென்சில் கோடுகளை அழித்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, தாமதித்தது என் தப்பு. எனக்காக ஒரு தடவை பாடிக் காட்டுங்க" என்றேன். சிறிது தயங்கிவிட்டு, தொடையில் தாளம் போட்டுப் பாடினார்.

"ஆறாம் மாடி வராந்தாவில்" என்ற இடம் வந்தபோது குரல் உடைந்தது. உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் கவிதை இல்லை என்று கோடு போட்ட அடி அது. அந்த ஓர் அடியில்தான் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். மற்ற அடிகள் எந்தப் பாட்டிலும் வரக்கூடியவை. இது அவர் ஒருவரால் மட்டுமே எழுத முடிந்தது.

"பேசாதிருந்தாய்" பற்றி மட்டும் மெதுவாகக் கேட்டேன். "இது என்ன நினைச்சு எழுதினீங்க?" என்றேன். "அன்னைக்கு ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேன் அண்ணாச்சி. பதில் இல்லை. ஆனா பக்கத்துல யாரோ இருந்த மாதிரியே இருந்தது. அதைத்தான் எழுதினேன்" என்றார். கருணை புரிந்தாய் என்று நான் மாற்றியிருந்தால், அவர் அன்றிரவு கண்டதை அழித்துவிட்டு எல்லோரும் சொல்வதை வைத்திருப்பேன். இறைவனிடம் முறையிடுவதும் கோபித்துக்கொள்வதும் நம் மரபில் புதிதல்ல. கண் இழந்த சுந்தரர் திருவாரூரில் இறைவனிடம் சண்டையே போட்டார். நண்பருக்கும் தெய்வத்துக்கும் நடுவே உள்ள பேச்சில் நமக்கு இடமில்லை. அப்படிப்பட்ட அடி எது என்று தெரியாவிட்டால், திருத்துவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. ஐந்நூறு பேர் கையில் போகும் பாட்டு. நாம் சொல்லாத குறையைத் திருவிழாக் கூட்டத்தில் யாரோ சிரித்துச் சொல்லுவார்கள். அது இன்னும் வலிக்கும். நான் நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான்கும் கேட்பவர் காதைப் பற்றியவை. பக்தியைப் பற்றியவை அல்ல.

முதலாவது, குழல். நெய்யாற்றங்கரைக் கோயிலில் கண்ணன் கையில் வெண்ணெய் வைத்திருக்கும் பாலகன். அங்கே திருக்கை வெண்ணெய் நிவேதனம் பிரசித்தம். தவறு என்று நான் சொல்லவில்லை. "நடை திறந்து கும்பிடும்போது கையில் என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். ஒரு கணம் யோசித்து, "வெண்ணெய்!" என்று சிரித்தார். ஒரு தலத்தின் மேல் பாடினால் அந்தத் தலத்து மூர்த்தியைப் பாட வேண்டும் என்பதை அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது, குடி. குடும்பம் என்று அவர் எழுதினார். நல்ல பழைய சொல்தான். ஆனால் இன்று "என் குடியைக் காக்க வருவாய்" என்று ஒலிபெருக்கியில் பாடினால் இளவட்டங்கள் வேறு குடியை நினைப்பார்கள். இதைச் சொன்னதும் அவர் மனைவியே உள்ளிருந்து சிரித்துவிட்டார்.

மூன்றாவது, பட்டி தொட்டி. தமிழ்நாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாம் இருப்பது எல்லைப்புறம். நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளம். கோயிலுக்கு வருவோரில் பாதிக்கு மேல் மலையாளிகள். அவர்கள் காதில் பட்டி என்றால் நாய். இது அவருடைய தவறு அல்ல. இரண்டு மொழிக்கு நடுவே வாழும் நம் எல்லோருக்கும் வரும் சிக்கல். பாட்டை ஒரு மலையாள நண்பர் காதிலும் ஒரு முறை போட்டுவிடுவது நல்லது.

நான்காவது, தாளம். இங்கே நான் வாயால் சொல்லவில்லை. அவர் பாட, நான் கையால் தட்டினேன். சரணத்து அடிகளில் புள்ளி எழுத்தை நீக்கி எண்ணினால் எட்டு அல்லது ஒன்பது எழுத்து. "நெய்யாற்றங்கரை நீலமேக சியாமள வண்ணனே" என்பதில் பதினாறு. அந்த இடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது, தாளமும் தப்பியது. மீண்டும் ஒரு முறை பாடியபோது அவரே நிறுத்திவிட்டார். நீலமேகம், சியாமளம் இரண்டும் கருநிறத்தையே சொல்கின்றன, ஒன்று போதுமே என்றேன். இரண்டுமே வேண்டாம் என்று, "நெய்யாற்றங்கரை நின்றவனே" என்று பாடினார். ஒன்பது எழுத்து. கச்சிதமாக உட்கார்ந்தது.

மாற்றுச் சொல் எதையும் நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் பாட்டு பாதி என்னுடையதாகிவிடும். திருவிழாவில் பாடும்போது அந்த இடத்தில் அவர் குரல் தாழும். இடத்தைக் காட்டினேன், சொல்லை அவர் தேடினார். மறுநாள் காலை கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே பாடிக் காட்டினார்:

வெண்ணெய் ஏந்தி நிற்கும் கண்ணா – என்
வீட்டைக் காக்க வருவாய் மன்னா

குழல் போனதும் குடியும் தானாகப் போய்விட்டது. வெண்ணெய்க்கு மோனையாக வீடு வந்தது. "வீடுன்னா மோட்சமும்தானே அண்ணாச்சி" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவையெல்லாம் அச்சுக்குப் போகும் முன்தான். அச்சடித்த தாளை ஒருவர் கையில் கொடுத்தபின் குறை சொல்வதில் யாருக்கும் பயனில்லை. அப்போது பிடித்த அடி ஒன்றைச் சொல்லிக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். அவராகக் கேட்டால் அடுத்த பதிப்புக்குச் சொல்லலாம்.

வெறுமனே "அருமை, அருமை" என்பவரை நான் குறை கூறவில்லை. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் எந்த அடி அருமை என்று சொல்லாத பாராட்டை எழுதியவர் நம்புவதில்லை. நான் அன்று முதலில் சொன்னது, ஆறாம் மாடி அடியை ஒருபோதும் மாற்றாதீர்கள் என்பதுதான். அதைக் கேட்ட பிறகுதான் மற்ற நான்கையும் அவர் காது கொடுத்துக் கேட்டார்.

திருவிழாவில் பாட்டு அரங்கேறியது. பேரன் மடியில் உட்கார்ந்திருந்தான். இப்போது மாலைத் தேநீருக்குப் பழையபடி வருகிறார். இரண்டாவது பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாராம். தாளைக் கொண்டுவர வேண்டாம், பாடிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.