கடைசி வரியின் எண்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் திறந்த மடல்.

ஐயா,

சென்ற வாரம் என் தம்பி மகன் தன் வீட்டுக்கடன் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, "பெரியப்பா, 240 தவணை என்று வாங்கிய கடன், ஒரு மாதம்கூடத் தவறாமல் 24 தவணை கட்டிவிட்டேன், இன்னும் 273 பாக்கி என்று போட்டிருக்கிறதே, இது என்ன கணக்கு?" என்று கேட்டான். அச்சுப்பிழையாக இருக்கலாம் என்ற எண்ணத்துடன்தான் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன். பிழை ஏதும் இல்லை. கணக்கு பைசா சுத்தமாகச் சரியாகவே இருந்தது. அதனால்தான் இந்த விண்ணப்பம் தங்களுக்கு வருகிறது.

அவன் வாங்கியது 30 லட்சம். வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், மாதத் தவணை 26,035 ரூபாய். கடன் அட்டவணையில் தவணைத் தொகைக்கென்று உள்ள பத்தி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே எண்ணைத் தாங்கி நிற்பதால், கடனும் அதே நிதானத்தில் மாதந்தோறும் கரைந்துவருகிறது என்ற பிரமையை அது பார்ப்பவர் மனத்தில் எளிதில் உண்டாக்கிவிடுகிறது. உண்மையைச் சொல்வது அதற்கு அடுத்துள்ள வட்டிப் பத்தி. அந்த மாதத் தொடக்கத்தில் நின்ற அசலுக்கு ஒரு மாத வட்டி எவ்வளவோ அதுவே முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது; முதல் மாதத்தில் அது 21,250 ரூபாய். எஞ்சிய 4,785 ரூபாய்தான் அசல் பத்திக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே, கடைசிப் பத்தியாகிய மீதி அசலில் குறைவது 26,035 அன்று, 4,785 மட்டுமே. மறுமாதம் வட்டி 34 ரூபாய் குறைய, அசலுக்குப் போவது அதே 34 ரூபாய் கூடுகிறது. இப்படி அங்குலம் அங்குலமாக ஏறி, அசலின் பங்கு வட்டியின் பங்கை மிஞ்சுவது 143-ஆவது தவணையில், அதாவது பன்னிரண்டாம் ஆண்டின் இறுதியில்தான். இதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. பெரிய பாக்கிக்குப் பெரிய வட்டி என்பது நியாயமே.

ஆனால் ஓராண்டு முடிவில் வட்டி விகிதம் 9.5 ஆக உயர்ந்தபோது நடந்ததுதான் விசாரத்துக்குரியது. அப்போது மீதி அசல் சுமார் 29 லட்சத்து 40 ஆயிரம். அதற்குப் புதிய விகிதப்படி மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 23,277 ரூபாய். வங்கி தவணைத் தொகையைத் தொடவில்லை. ஆதலால் அசலுக்கு என்று மிஞ்சியது 2,758 ரூபாய்தான். அவ்வளவு சிறிய துளியால் அந்தக் கடனை அடைக்க, எஞ்சியிருந்த 228 மாதங்கள் போதாமல், 285 மாதங்கள் வேண்டியதாயிற்று. சம்பளத்திலிருந்து போகும் தொகை மாறாததால் பையனுக்குச் சந்தேகமே எழவில்லை. காலம் நீட்டிக்கப்பட்டது என்று ஒற்றை வரிச் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வந்ததாம். எத்தனை மாதம், எத்தனை ரூபாய் என்று அதில் இல்லை.

தவணையை 27,899 ஆக உயர்த்தியிருந்தால் பழைய காலக்கெடுவுக்குள்ளேயே கடன் தீரும். அதற்கு அவன் அதிகமாகக் கொடுப்பது மொத்தத்தில் சுமார் 4 லட்சத்து 25 ஆயிரம். தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டியதனாலோ அது சுமார் 14 லட்சத்து 76 ஆயிரமாகிறது. மாதம் 1,864 ரூபாய் கூடுதலாகக் கட்ட அவனால் முடியுமா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. முடிந்திருக்கும் என்று அவனே சொல்கிறான்.

தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கடன்காரருக்கு உண்டென்று 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதிய தங்கள் வங்கியின் சுற்றறிக்கை கூறுகிறது. அதுவரை வசூலான அசலையும் வட்டியையும், தவணைத் தொகையையும், எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையையும் காலாண்டுதோறும் அறிக்கையாகத் தரவேண்டுமென்றும் அது விதிக்கிறது. அது பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை. எனினும், 273 என்ற எண் தனியாக நின்றால் அதற்கு அர்த்தம் இல்லை. 216 இருக்கவேண்டிய இடத்தில் 273 இருக்கிறது என்றால்தான் படிப்பவருக்கு விளங்கும். விகிதம் மாறியதும் புது அட்டவணை அச்சாகிறது, பழையது பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. ஒப்பிடுவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆகையால் என் வேண்டுகோள் இரண்டே. கடன் வாங்கிய நாளில் குறித்த கடைசித் தவணையின் மாதத்தையும், இன்றைய கணக்கின்படி வரும் கடைசித் தவணையின் மாதத்தையும் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் அருகருகே அச்சிடச் செய்யுங்கள். விகிதம் உயரும் ஒவ்வொரு முறையும், தவணையை உயர்த்தினால் கூடுதல் செலவு எவ்வளவு, காலத்தை நீட்டினால் எவ்வளவு என்று இரண்டையும் ரூபாயில் காட்டி, கடன்காரரின் விடையைப் பெற்ற பின்னரே வங்கிகள் கணக்கை மாற்றவேண்டுமென்று ஆணையிடுங்கள்.

இங்ஙனம்,
கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர்